பெயர் சொல்லாத புகார்: விடுதி வராந்தாவின் சிகரெட் புகையும் வார்டனுக்கு எழுதும் கடிதமும்

கல்லூரி விடுதிகளில் தண்ணீர் வரவில்லை என்று கடிதம் கொடுத்தால் மறுநாள் பிளம்பர் வருகிறார்; மெஸ்ஸில் சாம்பார் சரியில்லை என்று கொடுத்தால் ஒரு வாரத்துக்காவது சாம்பார் கெட்டியாகிறது. ஆனால் வராந்தாவிலும் பொதுக் குளியலறையிலும் சிகரெட் புகை தாங்க முடியவில்லை என்று கொடுக்கப்படும் கடிதம் பெரும்பாலும் வார்டன் மேசையின் இழுப்பறையிலேயே முடிந்துவிடுகிறது. வார்டன்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் என்பதால் இப்படி நடப்பதில்லை. தண்ணீர்ப் புகாரில் குற்றவாளி என்று யாரும் இல்லை, சரிசெய்ய வேண்டிய ஒரு மோட்டார் மட்டும் இருக்கிறது. புகைப் புகாரைக் கையில் வாங்கியவுடன் வார்டன் கேட்கும் முதல் கேள்வியோ "யாருன்னு சொல்லு தம்பி, நான் பாத்துக்கறேன்" என்பதாக இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மாணவனும் விரும்புவதில்லை. பதில் இல்லாததால் புகாரும் அங்கேயே நின்றுவிடுகிறது.

யார் பிடித்தது என்பதைக் கண்டுபிடித்துத் தருவது புகார் கொடுக்கும் மாணவனின் வேலை அல்ல. சட்டமும் அப்படிக் கேட்கவில்லை, கல்வி நிலையங்களுக்கான புகையிலை ஒழிப்பு வழிகாட்டுதல்களும் அப்படிக் கேட்கவில்லை. இடம், நேரம், தடயம் ஆகிய மூன்றையும் எழுத்தில் தெரிவித்தாலே பொறுப்பு வார்டன் பக்கம் போய்விடுகிறது. இதை அறியாமல் எழுதப்படும் கடிதங்கள்தான் வீணாகின்றன. அவை எப்படி வீணாகின்றன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு விடுதியை எடுத்துக்கொண்டு பார்ப்பதே எளிது.

கோவைக்கும் பல்லடத்துக்கும் இடையில் ஒரு தனியார் கல்லூரியின் ஆண்கள் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாடிக் கட்டடம். ஒவ்வொரு மாடியிலும் நடுவே நீண்ட வராந்தா, இருபுறமும் அறைகள், மேற்குக் கோடியில் பொதுக் குளியலறையும் கழிப்பறைகளும், கிழக்குக் கோடியில் மாடிப்படி. கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட விடுதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் திறந்திருக்கிற காரணத்தால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயில் வழியாகக் குவிந்து வீசுகிறது. பல்லடம், உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்கும் அதுவே காரணம். ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நிற்காமல் அடிக்கும். மேற்குக் கோடியில் இருக்கும் குளியலறையின் கண்ணாடிச் சட்டச் சன்னல்கள் அந்தக் காற்றை நேராக வாங்கி உள்ளே தள்ளுகின்றன. தள்ளப்பட்ட காற்று குளியலறைக் கதவு வழியாக வராந்தாவுக்குள் நுழைந்து, இருபுற அறைகளையும் தொட்டுக்கொண்டு, கிழக்கே மாடிப்படி வழியாக வெளியேறுகிறது.

இரவு பதினொரு மணிக்குக் குளியலறைச் சன்னலோரம் நின்று சிகரெட் பிடிக்கும் மாணவன், புகை வெளியே போய்விடுகிறது என்றே உண்மையில் நம்புகிறான். அவன் வாயிலிருந்து ஊதும் புகையில் கொஞ்சம் சன்னலைத் தாண்டியும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களை அடையும் புகையில் பெரும்பகுதி அவன் ஊதுவது அல்ல; இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் விரல் நடுவே கனன்றுகொண்டிருக்கும் நுனியிலிருந்து எழுவது. அது பஞ்சு வடிகட்டி வழியாகக்கூட வருவதில்லை. அந்தப் புகையை மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று அப்படியே வாரி வராந்தாவில் போட்டுவிடுகிறது. கழிப்பறைத் தடுப்புச் சுவர்கள் கூரை வரை எட்டாமல் மேலே திறந்திருப்பதால், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிடித்தாலும் இதே கதைதான். அறைக் கதவுகளுக்கு மேலே இருக்கும் வெண்டிலேட்டர்கள் மூடாதவையாக இருப்பதால், கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவனுக்கும் புகை போய்ச் சேருகிறது. ஆஸ்துமா உள்ள மாணவன் ஒருவன் அந்த வரிசையில் இருந்தால், சில நிமிடங்களிலேயே அவனுக்கு மூச்சுக்குழல் இறுகத் தொடங்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, மேற்குச் சுவரிலேயே இருக்கிறது. விடுதிக் குளியலறைகளில் மாட்டப்படும் சாதாரண இறக்கை விசிறிக்கு எதிர்காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேற்றும் வலு கிடையாது. ஆடியில் அது சுற்றிக்கொண்டே இருந்தாலும் ஒன்றும் வெளியே போவதில்லை. சில நேரம் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காற்றின் வேகத்தில் தானாகவே சுற்றும். இதைச் சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். குளியலறைக் கதவைச் சற்றே திறந்து, இடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்தால், அதன் புகை உள்ளே இழுக்கப்பட்டால் விசிறி வேலை செய்கிறது என்று பொருள். வராந்தாப் பக்கம் சாய்ந்தால் அந்த மாடி முழுவதும் குளியலறைக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. ஐப்பசிக்கு மேல் காற்று திசை மாறி வாடைக்காற்று தொடங்கும்போது, அதே விசிறி ஒழுங்காக வேலை செய்வதுபோலத் தோன்றும், வராந்தாவில் நாற்றமும் குறையும். அப்போது "இப்பத்தான் ஒண்ணும் பிரச்சினை இல்லையே" என்று நிர்வாகம் சொல்லும். பிடிப்பவர்கள் குறையவில்லை, காற்றுதான் திரும்பியிருக்கிறது.

இவ்வளவும் சொல்வது காற்றோட்டத்தைச் சரிசெய்துவிட்டால் போதும் என்பதற்காக அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்டது. அதன் 8ஆவது பிரிவுக்காக 2007இல் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்கள், காற்றோட்டமோ வடிகட்டியோ தனிப் புகைப்பிடம் ஒதுக்குவதோ அடைத்த இடத்தில் புகையிலிருந்து காப்பாற்றாது என்று தெளிவாகவே கூறுகின்றன. காற்றின் போக்கைக் கடிதத்தில் சேர்ப்பதற்கு வேறொரு பயன் உண்டு. "குளியலறையில் பிடித்தால் குளியலறைக்குள்தானே இருக்கும், அறையில் இருப்பவனுக்கு என்ன?" என்ற எண்ணம் வார்டனுக்கு இருந்தால், அதை உடைப்பது இந்த விவரம்தான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 4ஆவது பிரிவு பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்கிறது. பொது இடம் என்பதற்கான வரையறையில் கல்வி நிலையங்கள் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகையைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் கடிதம் எழுதுபவருக்குப் பயன்படுவது இந்தப் பிரிவு அல்ல, 2008 அக்டோபர் 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பொது இடங்களில் புகைபிடித்தல் தடை விதிகள். பிடிப்பவனைப் பற்றி மட்டும் பேசாமல் இடத்தின் பொறுப்பாளரைப் பற்றிப் பேசுகின்றன என்பதே அவற்றின் சிறப்பு. அங்கே யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்வது உரிமையாளர், மேலாளர், மேற்பார்வையாளர் அல்லது பொறுப்பில் உள்ளவரின் கடமை. அறிவிப்புப் பலகையை நுழைவாயிலிலும், ஒவ்வொரு தளத்திலும், மாடிப்படியிலும் வைக்க வேண்டும். அதன் அளவு குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி போன்றவை அங்கே கொடுக்கப்படக் கூடாது. மீறலைப் பார்த்தவர் யாரிடம் புகார் செய்யலாம் என்று ஒருவரின் பெயரை எழுதி ஒட்டவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது: மீறல் பற்றித் தகவல் வந்தும் பொறுப்பாளர் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், நடந்த மீறல்களின் எண்ணிக்கைக்கு ஈடான அபராதம் அவர்மீதே விழும்.

தகவல் வந்தும் என்ற சொற்களில்தான் மாணவனின் கடிதத்துக்கு உயிர் இருக்கிறது. கடிதம் வருவதற்கு முன்பு வார்டன் "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம்; தேதியிட்ட கடிதம் வந்து, அதன் நகலில் முத்திரை விழுந்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. அதாவது இந்தக் கடிதம் ஒரு வேண்டுகோள் மட்டும் அல்ல. சட்டப்படி ஒரு கடமையைத் தொடங்கிவைக்கும் தகவலும் ஆகும். வாய்மொழியாக மெஸ் வரிசையில் சொன்னதோ, விடுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோபப் பொம்மையோடு போட்டதோ இந்த வேலையைச் செய்யாது.

தடயத்தைப் பொறுத்தவரை, மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் வெளியிட்ட புகையிலையற்ற கல்வி நிலையங்களுக்கான வழிகாட்டுதல்கள் மாணவனுக்குப் பெரிய உதவி. ஒரு கல்வி நிலையம் புகையிலையற்றது என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், வளாகத்துக்குள் சிகரெட், பீடித் துண்டுகளோ, கிழித்துப் போட்ட குட்கா உறைகளோ, துப்பிய கறைகளோ காணப்படக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே யார் பிடித்தார் என்று தெரியாவிட்டாலும், கழிப்பறைச் சன்னல் திண்டில் கிடக்கும் துண்டே போதிய சான்று. புகையிலைக் கண்காணிப்பாளர் என்று ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் எண்ணையும் பலகையில் எழுத வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

அந்தத் துண்டுகளின் கணக்கு விடுதியில் வேறு யாரையும்விட ஒருவருக்கு நன்றாகத் தெரியும்: காலையில் குளியலறை கழுவ வரும் தூய்மைப் பணியாளருக்கு. சிகரெட்டின் பஞ்சு தண்ணீரில் மிதப்பது, எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் இறங்காது. தரைச் சல்லடையை அடைப்பதும் அதுதான். "காத்தால வந்தா மொதல் வேலையே இத அள்றதுதானுங்க" என்று அலுத்துக்கொள்ளும் அந்த அக்காவைச் சாட்சியாக இழுத்துவிடக் கூடாது, அவருடைய வேலை ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. ஆனால் அவருக்கு அது பணியிடம் என்பதையும், 2008 விதிகள் பணியிடங்களையும் பொது இடத்துக்குள் சேர்த்திருக்கின்றன என்பதையும் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லலாம்.

இப்போது வழக்கமாக எழுதப்படும் கடிதத்தைப் பாருங்கள். "எங்கள் மாடியில் சில சீனியர் மாணவர்கள் தொடர்ந்து புகைபிடித்து எங்களுக்கு மிகுந்த தொந்தரவு கொடுக்கின்றனர். அவர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இதில் எந்த மாடி, எந்த நேரம், எந்த இடம் என்று எதுவும் இல்லை. "சில சீனியர்கள்" என்ற சொல் எல்லாச் சீனியர்களையும் பகைத்துக்கொள்கிறது, ஆனால் யாரையும் சுட்டிக்காட்டவில்லை. "கடும் நடவடிக்கை" என்று கேட்டால் வார்டனுக்குத் தெரிந்த நடவடிக்கை ஒன்றுதான்: நள்ளிரவில் அறை அறையாகப் பெட்டியைத் திறந்து பார்ப்பது. அதில் ஒருவன் பையில் ஒரு பாக்கெட் கிடைக்கும். அவன் அப்பாவுக்குத் தாராபுரத்திலிருந்து வரச்சொல்லி போன் போகும். குளியலறையில் புகை ஒரு வாரம் நிற்கும். பிறகு புகார் கொடுத்தது யார் என்ற விசாரணை மாணவர்களுக்குள் தொடங்கும்.

அதே விடுதியின் இரண்டாவது மாடி மாணவன் எழுத வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்.

அனுப்புநர்: இரண்டாம் மாடி, மேற்கு வரிசை அறைகளின் மாணவர்கள் (கையொப்பங்கள் கீழே).
பெறுநர்: விடுதிக் காப்பாளர் அவர்கள், ஆண்கள் விடுதி.
பொருள்: இரண்டாம் மாடிப் பொதுக் குளியலறையிலும் வராந்தாவிலும் சிகரெட் புகை – தகவலும் கோரிக்கையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டாம் மாடியின் மேற்குக் கோடியில் உள்ள பொதுக் குளியலறையில், கடந்த ஜூலை 7 முதல் 20 வரையிலான இரண்டு வாரங்களில், பெரும்பாலான நாட்களில் இரவு 10.30 மணிக்கும் 12.30 மணிக்கும் இடையில் சிகரெட் புகை இருந்தது. நாங்கள் குறித்துவைத்த தேதிகளையும் நேரங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். மூன்றாவது, நான்காவது கழிப்பறைகளின் சன்னல் திண்டிலும் தரைச் சல்லடையிலும் சிகரெட் துண்டுகள் காலையில் காணப்படுகின்றன.

இந்த மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், புகை சன்னல் வழியாக வெளியேறாமல் வராந்தாவுக்குள் வருகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போதும், கதவிடுக்கில் பிடித்த ஊதுபத்தியின் புகை வராந்தாப் பக்கமே சாய்வதைப் பார்த்தோம். இதனால் குளியலறைக்கு அருகில் உள்ள எட்டு அறைகளில் கதவைச் சாத்தியிருந்தாலும் வெண்டிலேட்டர் வழியாகப் புகை நுழைகிறது. இந்த அறைகளில் ஒன்றில் ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் மாணவர் ஒருவர் இருக்கிறார்; அவர் சம்மதத்துடன் இதைத் தெரிவிக்கிறோம்.

நாங்கள் யார்மீதும் தனிப்பட்ட புகார் கூறவில்லை. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி இந்த இடம் புகையற்றதாக இருக்கப் பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். குளியலறை வாசலிலும் மாடிப்படித் தளத்திலும் உரிய அளவில் அறிவிப்புப் பலகையும், புகார் தெரிவிக்க வேண்டியவரின் பெயரும் எண்ணும் வைக்கப்பட வேண்டும். இரவு 10.30 மணிக்குப் பிறகு வாட்ச்மேன் சுற்றிவரும்போது குளியலறைப் பகுதியும் அதில் சேர்க்கப்பட வேண்டும். குளியலறைக் கதவுக்குத் தானாக மூடும் குளோசர் பொருத்தப்பட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றுக்கு எதிரில்லாத சுவருக்கு மாற்றப்பட வேண்டும். புகைபிடிப்பதை விட விரும்பும் மாணவர்களுக்காக 1800-11-2356 என்ற அரசின் இலவச ஆலோசனை எண்ணையும் பலகையில் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

எடுக்கப்பட்ட நடவடிக்கையை ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் தெரிவிக்குமாறும், கையொப்பமிட்டவர்களின் பெயர்களை வெளியிட வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி மாணவர்கள்.
நகல்: கல்லூரி முதல்வர் அவர்கள்.

இதில் கோபம் ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஆனால் வார்டன் தட்டிக்கழிப்பதற்கான வழியும் ஓரிடத்திலும் இல்லை. "யார்?" என்று கேட்பதற்கு முன்பே "நாங்கள் யார்மீதும் புகார் கூறவில்லை" என்று கடிதம் பதில் சொல்லிவிடுகிறது. கேட்கப்பட்ட நான்கும் வார்டனுடைய அதிகாரத்துக்குள் அடங்கக்கூடியவை. கதவுக் குளோசருக்கு மேலிடத்து அனுமதி வேண்டியதில்லை, பலகைக்கு ஒரு பிளெக்ஸ் கடை போதும். ஒரு தேதி குறிக்கப்பட்டிருப்பதால் அடுத்த கடிதம் எப்போது எழுதலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. ஆஸ்துமா பற்றிய வரியில் "அவர் சம்மதத்துடன்" என்பது அலங்காரச் சொல் அல்ல. சம்மதம் கேட்காமல் எழுதப்பட்டு, அந்த மாணவனை வீட்டிலிருந்து போய்வரச் சொல்லிப் பிரச்சினையை முடித்த நிர்வாகங்களும் உண்டு.

கையொப்பம் பற்றி மாணவர்களுக்குள் எப்போதும் ஒரு வாக்குவாதம் நடக்கும். பெயரில்லாக் கடிதம் பாதுகாப்பானது என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பெயரில்லாக் கடிதத்தை வரவுப் பதிவேட்டில் ஏற்றும் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஒருவன் மட்டும் கையொப்பமிட்டால் அவன் முகமே புகாரின் முகமாகிவிடும். அறைக்கு ஒருவர் வீதம் எட்டுப் பேர் போடுவதே நடுவழி: குறிப்பிட்ட ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்று யாரும் சொல்ல முடியாது, கும்பல் சேர்த்து மிரட்டுகிறார்கள் என்று வார்டனும் சொல்ல முடியாது. முதலாண்டு மாணவர்கள் கையொப்பமிடும்போது கூடுதல் கவனம் வேண்டும். பின்னால் யாராவது அவர்களை மிரட்டினால் அது சிகரெட் விவகாரம் அல்ல, ராகிங். அதைத் தனியாகவே, யுஜிசியின் 1800-180-5522 என்ற எண் வழியாகவோ கல்லூரி ராகிங் தடுப்புக் குழு வழியாகவோ கொண்டுபோக வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டும் நடக்காது.

கடிதம் போன பிறகு வார்டன் என்ன செய்யக்கூடும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் சில தீர்வுகள் இருக்கும் நோயைவிட மோசமானவை. மாடி முழுவதற்கும் கூட்டு அபராதம் போடுவது அதில் முதன்மையானது. புகார் கொடுத்தவனும் பணம் கட்ட வேண்டிவருவதால், அடுத்த புகாரே வராது. நிர்வாகத்துக்குப் பிரச்சினை தீர்ந்ததுபோலத் தெரியும். குளியலறைச் சன்னலைப் பலகை அடித்து மூடுவது இன்னொன்று. மூடினால் மேல்காற்று நிற்கும், ஆனால் ஈரமும் நாற்றமும் தேங்கிப் பூசணம் பிடிக்கும். புகை உணரும் கருவியைக் குளியலறைக்குள் மாட்டினால் வெந்நீர் ஆவிக்கே அலறத் தொடங்கி, மூன்றாம் நாள் யாராவது அதற்கு ஒரு பாலித்தீன் பையைக் கட்டிவிடுவார்கள். கேமரா வைப்பதாக இருந்தால் வராந்தாவைப் பார்க்கும்படி மட்டுமே வைக்க முடியும், குளியலறை உள்புறம் அதன் பார்வையில் ஒரு விரற்கடைகூட விழக் கூடாது.

இவற்றைவிட நுட்பமான ஒரு தவறு உண்டு. இந்தப் பக்கத்து விடுதிகளுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு பேக்கரி இருக்கும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், கோவை வட்டாரத்தில் பேக்கரி என்றால் முதலில் டீக்கடை, அதன் பிறகுதான் கேக். மாலை முழுவதும் புகைபிடிப்பவர்கள் அங்கேதான் நிற்பார்கள். விடுதிக் கதவு 9 மணிக்குப் பூட்டப்பட்டால், அதற்குப் பிறகு பிடிக்கப்படும் ஒவ்வொரு சிகரெட்டும் உள்ளேதான் பிடிக்கப்படும். கடிதத்தில் உள்ள 10.30 என்ற நேரம் தற்செயலானது அல்ல. ஒழுக்கத்தை இறுக்குகிறேன் என்று கதவை 8 மணிக்கே பூட்டும் வார்டன், குளியலறைப் புகையை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கிவைக்கிறார். அதற்காகக் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பூட்டிய பிறகு சுற்றிவருவது தேவை என்பதையே சொல்கிறேன். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. பேக்கரி அந்தத் தூரத்துக்குள் இருந்தால் அதைப் பற்றிக் கல்லூரி முதல்வர்தான் எழுத வேண்டும். மாணவன் அதையும் தன் கடிதத்தில் இழுத்துப்போட்டால், வார்டன் "அது நம்ம கையில இல்லையே" என்று சொல்லி முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவைக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

"பிடிக்கிறவங்க மொட்டை மாடியில போய்ப் பிடிக்கட்டும்" என்று சாவியைக் கொடுத்துவிடும் வார்டன்களும் இருக்கிறார்கள். விடுதியில் தனிப் புகைப்பிடம் ஒதுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த விலக்கு குறைந்தது 30 அறைகள் உள்ள ஓட்டல்கள், குறைந்தது 30 பேர் அமரக்கூடிய உணவகங்கள், விமான நிலையங்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே உண்டு. திறந்தவெளி பொது இடத்தின் வரையறையில் வராது என்பதைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடி வேறு என்று வாதிடலாம். ஆனால் துண்டுகள் அங்கே கிடந்தாலும் வளாகத்துக்குள்தான் கிடக்கின்றன, 2019 வழிகாட்டுதலின் பார்வையில் வேறுபாடு இல்லை. கைப்பிடிச் சுவர் தாழ்ந்த மாடியில் இரவில் மாணவர்களை ஏற்றிவிடும் பொறுப்பையும் எந்த வார்டனும் எழுத்தில் ஏற்கமாட்டார்.

கல்லூரி வளாகத்துக்கு வெளியே, பீளமேடு, சரவணம்பட்டி போன்ற இடங்களில் நடத்தப்படும் தனியார் தங்கும் விடுதிகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கடிதம் அப்படியே பொருந்தாது. அங்கே கல்வி நிலையம் என்ற வரி வலுவிழந்துவிடுகிறது. சமையல்காரரும் துப்புரவு செய்பவரும் வேலைபார்க்கும் இடம் என்ற முறையில் பணியிடம் என்ற வரியைப் பிடித்துக்கொள்ளலாம். அதோடு, நுழையும்போது கையெழுத்திட்ட விதிமுறைத் தாளில் புகைபிடிக்கக் கூடாது என்று இருந்தால், உரிமையாளரே போட்ட விதியை அவருக்கே எடுத்துக்காட்டுவது சட்டப் பிரிவைவிட வேகமாக வேலை செய்யும்.

குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால், இரண்டாவது கடிதம் முதலாவதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்: இன்ன தேதியில் தகவல் கொடுத்தோம், அதன் பிறகு இன்ன தேதிகளில் மீண்டும் நடந்தது, இணைப்பில் நகல் உள்ளது என்று மூன்று வரி. அது முதல்வருக்குப் போக வேண்டும், வார்டனுக்கு நகல். அதற்கும் அசைவில்லை என்றால் மாவட்டத்தில் புகையிலைக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் சுகாதார அலுவலகத்துக்கு எழுதலாம். முத்திரை விழுந்த முதல் நகல் கையில் இல்லாவிட்டால் இந்தப் படிகள் எதுவும் ஏறாது. நேரில் கொடுக்கும்போது நகலில் முத்திரை போடத் தயங்கினால், அதே கடிதத்தை விடுதியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட்டால் தேதி தானாகப் பதிவாகிவிடும்.

நடவடிக்கை எடுக்கப்பட்டால் அது பலித்ததா என்பதை மூக்கை வைத்து முடிவுசெய்யக் கூடாது. பல மாதங்கள் புகை ஏறிய சுவரும் கழிப்பறைக் கதவும் யாரும் பிடிக்காத நாளிலும் நாற்றம் விட்டுக்கொண்டிருக்கும். ஒருமுறை சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, முடிந்தால் சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்த பிறகே வாடை சான்றாகும். அதுவரை திண்டிலும் சல்லடையிலும் காலையில் துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. முதல் வாரத்தில் குறைந்து, இரண்டாம் வாரத்தில் மூன்றாம் மாடிக் குளியலறையிலோ கிழக்கு மாடிப்படித் திருப்பத்திலோ துண்டுகள் தென்படத் தொடங்கினால், வாட்ச்மேனின் சுற்று இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகிறது என்று அறியலாம். அப்போது புதிய புகார் எழுத வேண்டியதில்லை. பழைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, இடத்தை மட்டும் மாற்றி, அந்த மாடி மாணவர்களின் கையொப்பத்தோடு அனுப்பினால் போதும்.